டி.என்.ஏ. பொருந்திவிட்டது என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டாரா? நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

1999ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் வடக்கே போல்டன் என்ற ஊரில் ஒரு வீட்டில் திருட்டு. அங்கே கிடைத்த தடயத்தின் டி.என்.ஏ. விவரத்தைப் போலீசார் தேசியத் தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருடையது பொருந்தியது. அவர் இருந்தது சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி, தெற்கே ஸ்விண்டனில். பார்க்கின்சன் நோய் முற்றியவர். கார் ஓட்ட முடியாது, உடை மாற்றிக்கொள்ளவே திணறுவார். அன்றிரவு உடம்பு சரியில்லாத மகளுடன் வீட்டில் இருந்ததாகச் சொன்னார். ஆனாலும் கைது செய்து வழக்குப் போட்டார்கள். காரணம் ஒரு எண்: தற்செயலாக இப்படிப் பொருந்த 3.7 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று சொல்லப்பட்டது.

அவர் திருடவில்லை. ஆனால் அந்த எண்ணும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எண்ணைத் தலைகீழாகப் படிப்பது

ஆய்வகம் நம் டி.என்.ஏ. முழுவதையும் படிப்பதில்லை. சில குறிப்பிட்ட இடங்களை மட்டும் பார்க்கிறது. அந்த இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். எனக்கு ஓரிடத்தில் அது 15 முறை வரலாம், உங்களுக்கு 17 முறை வரலாம். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஒவ்வோரிடத்துக்கும் இரண்டு எண்கள். அறிக்கையில் "15, 17" என்று எழுதியிருப்பது இதுதான்.

ஓரிடத்தில் ஒரு குறிப்பிட்ட ஜோடி எண் 18 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய விஷயமே இல்லை, ஒரு பஸ்ஸில் மூன்று பேருக்கு இருக்கலாம். ஆனால் 6 இடங்களிலும் பொருந்த வேண்டும் என்றால் 18ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். ஏறக்குறைய 3.4 கோடி வந்துவிடும். அன்றைக்கு இங்கிலாந்தில் பார்த்தது 6 இடங்கள்தான். 3.7 கோடி என்பது இப்படிப் பெருக்கி வந்த எண்.

சரி, அந்த எண் சொல்வது என்ன? "சம்பந்தமே இல்லாத ஒருவரைத் தெருவில் பிடித்துச் சோதித்தால், அவருடையது இந்தத் தடயத்தோடு பொருந்த 3.7 கோடியில் ஒரு வாய்ப்பு." அவ்வளவுதான். நாம் காதில் வாங்குவது வேறு: "இவர் நிரபராதியாக இருக்க 3.7 கோடியில் ஒரு வாய்ப்பு." இரண்டும் ஒன்று போலவே கேட்கும், ஆனால் ஒன்றல்ல. நீதிமன்றத்தில் நிபுணர்களும் வழக்கறிஞர்களும்கூட இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

செருப்பை வைத்துப் பாருங்கள். திருடு போன வீட்டு வாசலில் 10ஆம் நம்பர் செருப்புத் தடம் இருக்கிறது. ஊரில் 50 ஆண்களில் ஒருவருக்குத்தான் அந்த அளவு. ஊரில் 5,000 ஆண்கள். அப்படியானால் 100 பேருக்கு அந்தச் செருப்பு பொருந்தும். அதில் ஒருவரைப் பிடித்து, "50இல் ஒருவர்தான் இப்படி, ஆகவே நீ திருடாமல் இருக்க 2 சதவீதம்தான் வாய்ப்பு" என்று சொன்னால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? வேறு எந்த ஆதாரமும் இல்லையென்றால் அவர் அந்த நூறு பேரில் ஒருவர், அவ்வளவுதான்.

இதே கணக்கைப் போல்டன் திருட்டுக்குப் போடுவோம். அன்றைய பிரிட்டனில் சுமார் 2.9 கோடி ஆண்கள். அதை 3.7 கோடியால் வகுத்தால் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதாவது, உண்மையான திருடனைத் தவிர அதே எண்கள் கொண்ட இன்னொருவர் நாட்டில் எங்கோ இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த இன்னொருவர்தான் ஸ்விண்டனில் இருந்தார். வழக்கறிஞர் விடாமல் கேட்ட பிறகு 10 இடங்களை வைத்து மறுபடியும் சோதித்தார்கள். முதல் ஆறும் பொருந்தின, கூடுதலாகப் பார்த்தவை பொருந்தவில்லை. வழக்கு கைவிடப்பட்டது.

இப்போது 16 இடங்கள், 20 இடங்கள் என்று பார்க்கிறார்கள். முழு விவரமும் கிடைத்தால் தற்செயல் பொருத்தத்தைப் பற்றி நடைமுறையில் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் "முழு" என்ற சொல்லைக் கவனியுங்கள். வெயிலில் காய்ந்த ரத்தத்திலோ, பல பேர் தொட்ட கதவுப் பிடியிலோ 7, 8 இடங்கள்தான் தெளிவாகக் கிடைக்கும். அப்போது எண் மறுபடியும் சரிந்துவிடும். அப்புறம் உடன்பிறந்தவர்கள் விஷயம் இருக்கிறது. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த இருவருக்கு ஓரிடத்தில் ஒரே ஜோடி எண் வர நான்கில் ஒன்றுக்கும் கூடுதலான வாய்ப்பு. கோடிக் கணக்கெல்லாம் உறவில்லாதவர்களுக்கு மட்டும். சந்தேகம் அண்ணன் மேலா தம்பி மேலா என்ற வழக்கில் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. அறிக்கையைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது எத்தனை இடங்கள் பொருந்தின, யாரோடு ஒப்பிட்டு இந்த எண் வந்தது என்ற இரண்டையும்தான்.

பொருந்தியது என்றால் அங்கே இருந்தார் என்று எடுத்துக்கொள்வது

ஜெர்மனியில் ஹைல்ப்ரான் நகரில் 2007 ஏப்ரல் 25 அன்று 22 வயதுப் பெண் காவலர் ஒருவர் ரோந்து காரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட இருந்த காவலர் தலையில் குண்டடி பட்டுப் பிழைத்தார். காரில் எடுத்த தடயத்தில் ஒரு பெண்ணின் டி.என்.ஏ. இருந்தது. அதே பெண்ணின் டி.என்.ஏ. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று மூன்று நாடுகளில் சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்தது. கொலை, வீட்டுத் திருட்டு, காட்டில் கிடந்த போதை ஊசி என ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குற்றங்கள். துப்புக் கொடுத்தால் 3 லட்சம் யூரோ என்று அறிவித்தார்கள். 

2009 மார்ச்சில் முடிச்சு அவிழ்ந்தது. எரிந்துபோன உடல் ஒன்று யாருடையது என்று கண்டறிய, ஓர் ஆணின் பழைய விண்ணப்பத்தில் இருந்த கைரேகையைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துச் சோதித்தார்கள். அதிலும் அதே பெண்! ஆணின் கைரேகையில் பெண்ணின் டி.என்.ஏ. எப்படி வரும்? வேறு பஞ்சுக்குச்சியால் எடுத்துப் பார்த்தபோது அவள் காணாமல் போனாள். அந்தப் "பெண் கொலையாளி", பஞ்சுக்குச்சி தயாரிப்பில் வேலை பார்த்த ஒரு பெண். குச்சிகளைக் கையாளும்போது அவருடைய செல்கள் அதில் ஒட்டியிருக்கின்றன. பக்கத்து மாநிலமான பவேரியாவில் அவள் தென்படவே இல்லை. அங்கே குச்சிகளை வேறு இடத்தில் வாங்கினார்கள்.

குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதானே என்று கேட்கலாம். ஆமாம், கிருமி சாகும். ஆனால் டி.என்.ஏ. அழியாது. ஆய்வகம் கிடைத்த டி.என்.ஏ.வை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாகப் பெருக்குகிறது. 28 சுற்று ஓடினால் ஒரு மூலக்கூறு சுமார் 27 கோடியாகும். கண்ணுக்குத் தெரியாத தடயத்தைக் காட்டிக்கொடுக்கும் அதே வித்தை, கண்ணுக்குத் தெரியாத மாசையும் பெருக்கிக் காட்டும். இந்த அனுபவத்துக்குப் பிறகு, 2016இல் தடய அறிவியல் பொருட்களில் மனித டி.என்.ஏ. கலக்காமல் தடுக்கத் தனியாக ஒரு ஐ.எஸ்.ஓ. தரநிலை வந்தது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எதையும் தொடாத வெற்றுக் குச்சியையும் மாதிரியோடு சேர்த்தே சோதிக்க வேண்டும், அதில் ஒன்றும் வரக் கூடாது. இடத்துக்குப் போன போலீசார், ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், பொருள் தயாரிப்பவர்கள் ஆகியோரின் விவரங்களைத் தனியாக வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் செய்திருக்கிறார்களா என்பது அறிக்கையில் தெரிய வேண்டும். அந்தக் காவலரிடமிருந்து பறிக்கப்பட்ட துப்பாக்கி 2011 நவம்பரில் ஒரு நவநாஜிக் கும்பலின் பொருட்களில் கிடைத்தது. இரண்டு வருடம் போலீஸ் தேடியது ஒரு தொழிலாளியின் செல்களை.

மாதிரி வந்த வழியைக் கேட்காமல் விடுவது

மாசு எங்கே கலந்தது என்று பிறகு கண்டுபிடிக்க வேண்டுமானால், மாதிரி யார் யார் கையில் இருந்தது என்ற கணக்கு வேண்டும். நம் ஊரிலேயே இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்டார்கள். டி.என்.ஏ. பொருத்தம் முக்கிய ஆதாரங்களில் ஒன்று. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. மாதிரிகள் எடுக்கப்பட்டதிலிருந்து ஆய்வகம் சேரும் வரை எங்கே, யார் பொறுப்பில் இருந்தன என்பதற்குச் சரியான பதிவு இல்லை.

அதே தீர்ப்பில் நாடு முழுமைக்குமான விதிகளையும் சொன்னது. மாதிரி 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். சீல் வைத்த பொட்டலத்தை விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் யாரும் பிரிக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது. கைமாறிய ஒவ்வொரு முறையும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேடு வழக்கு ஆவணத்தோடு இணைய வேண்டும். ஒரு இரட்டைக் கொலை வழக்கில் பெற்றவர்களுக்குக் கடைசி வரை பதில் கிடைக்காமல் போனதை நினைத்தால், இந்தப் பதிவேட்டை வெறும் காகித வேலை என்று சொல்ல மனம் வராது.

தப்பு செய்யாதவர்களுக்குத் தரவுத்தளத்தால் பயமில்லை என்று நினைப்பது

மறுபடியும் ஸ்விண்டனுக்கு வருவோம். சந்தேகப்பட்ட ஒருவரைச் சோதித்துப் பொருந்துவது ஒன்று. யார் மேலும் சந்தேகம் இல்லாமல் தரவுத்தளம் முழுவதையும் சலித்துப் பொருந்துவது வேறொன்று. அப்போது பிரிட்டன் தரவுத்தளத்தில் சுமார் 7 லட்சம் பேர். 3.7 கோடியை 7 லட்சத்தால் வகுத்தால் 53 வரும். அதாவது, சொந்தக்காரர் தரவுத்தளத்தில் இல்லாத 53 தடயங்களைத் தேடினாலே, ஒரு முறை சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் மாட்டுவார் என்று எதிர்பார்க்கலாம். அங்கே வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் தேடினார்கள். தரவுத்தளம் பெரிதாகப் பெரிதாக, குறைவான இடங்கள் கொண்ட தடயங்களில் இந்த ஆபத்தும் சேர்ந்தே வளரும். ஆகவே தேடலில் கிடைத்த பெயரை விசாரணையின் தொடக்கமாகத்தான் வைக்க வேண்டும். அவர் அந்த ஊருக்குப் போனாரா, போக முடியுமா என்று அதன் பிறகு பார்க்க வேண்டும்.

அப்புறம், யார் விவரம் உள்ளே இருக்கலாம், எத்தனை நாள்? கைதாகித் தண்டனை பெறாதவர்களின் டி.என்.ஏ.வை காலவரையின்றி வைத்திருந்த பிரிட்டனின் நடைமுறை தனிவாழ்வு உரிமையை மீறுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் 11 வயதில் கைதாகி, பிறகு குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட சிறுவன். இந்தியாவில் டி.என்.ஏ. வங்கி அமைக்க 2019இல் கொண்டுவந்த மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 2022இன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி, கைதானவர்களிடமிருந்து உயிரியல் மாதிரி எடுக்கலாம், பதிவுகளை 75 வருடம் வைத்திருக்கலாம்.

ஸ்விண்டன்காரரின் விவரம் தரவுத்தளத்தில் ஏறியது ஒரு குடும்பத் தகராறில். அதில் கைதாகி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். போல்டனில் யாரோ ஒருவன் ஜன்னலைத் திறந்த அன்று, அந்தப் பதிவு இன்னும் உள்ளேயே இருந்தது.