சலூன் பெயரை வெளியூருக்குக் கொடுப்பது எப்படி: லைசென்ஸா, பிரான்சைஸா?

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நடத்தும் பெண்கள் சலூனின் பெயரில் இப்போது சுங்கை பட்டாணியிலும் கிள்ளானிலும் கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைகள் எங்களுடையவை அல்ல. எங்கள் பெயரையும் வேலை முறையையும் வாங்கியவர்கள் தங்கள் சொந்த முதலீட்டில் நடத்துகிறார்கள். "எங்கள் ஊரிலும் உங்கள் பெயரில் ஒரு கடை போடலாமா?" என்று யாராவது உங்களிடமும் கேட்கத் தொடங்கியிருந்தால், இந்த வரிசையில் போங்கள். உங்கள் கடை லாபத்தில் ஓடுகிறது, கணக்குகள் தணிக்கையாகியிருக்கின்றன, கம்பெனி பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: பெயர் உங்களுடையதுதானா?

நிறுவன ஆணையத்தில் கம்பெனியைப் பதிந்துவிட்டால் பெயர் நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் வணிக முத்திரையாகத் தனியே பதிய வேண்டும். முடி, அழகுச் சேவைகள் 44ஆம் பிரிவில் வரும். உங்கள் பெயரில் எண்ணெய், ஷாம்பு விற்கும் எண்ணம் இருந்தால் 3ஆம் பிரிவிலும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். முத்திரை பதிவாகாமல் பிரான்சைஸ் பேச்சையே எடுக்காதீர்கள்.

படி 2: லைசென்ஸா, பிரான்சைஸா?

இங்கேதான் நாங்கள் நெடுநாள் நின்றோம். எங்களுக்கு முதலில் கிடைத்த மாதிரி ஒப்பந்தத்தின் தலைப்பு 'லைசென்ஸ்'. கொண்டுவந்த ஆலோசகர், பிரான்சைஸ் என்றால் அரசாங்கப் பதிவு, நீண்ட வேலை; லைசென்ஸ் என்றால் கையெழுத்து மட்டும் போதும் என்றார். இன்றைக்கும் இதையே பலருக்கும் விற்கிறார்கள்.

சட்டம் தலைப்பைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் பார்க்கிறது. 1998ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டப்படி, உங்கள் வணிக முறையில் தொழில் நடத்தும் உரிமையைக் கொடுத்து, உங்கள் முத்திரையையோ தொழில் ரகசியத்தையோ பயன்படுத்த விட்டு, அந்தக் கடையின் நடப்பைத் தொடர்ந்து கட்டுப்படுத்தும் உரிமையையும் வைத்துக்கொண்டால் அது பிரான்சைஸ். அந்த மாதிரி ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? எங்கள் பெயர்ப்பலகை, எங்கள் சாயக் கலவை அட்டவணை, எங்கள் விலைப்பட்டியல், எங்கள் பயிற்சி, மாதாமாதம் எங்கள் சோதனை. எல்லாமே கட்டுப்பாடுதான். பதிவு செய்யாமல் பிரான்சைஸ் விற்றால், முதல் குற்றத்துக்கே நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். ஒப்பந்தமே செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

அப்படியானால் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, பெயரை மட்டும் கொடுத்தால்? சட்டப்படி அது உண்மையான லைசென்ஸ் ஆகும். ஆனால் சலூன் தொழிலில் கட்டுப்பாடில்லாத பெயர் உங்களுக்கே எமன். மலிவான பிளீச்சில் ஒரு பெண்ணின் தலை வெந்தால், அவர் பழிக்கப்போவது சுங்கை பட்டாணிக் கடைக்காரரை அல்ல, பலகையில் இருக்கும் உங்கள் பெயரை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்களிடம் எல்லாவற்றையும் கற்றவர் மூன்று ஆண்டு கழித்துப் பலகையைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில், அதே ஊழியர்களோடு, அதே வாடிக்கையாளர்களை வைத்து வேறு பெயரில் நடத்தினால் என்ன செய்வீர்கள்? சாதாரண லைசென்ஸ் ஒப்பந்தத்தில் 'முடிந்த பிறகு போட்டிக் கடை வைக்கக் கூடாது' என்று எழுதினாலும், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைப் பெரும்பாலும் செல்லாததாக்கிவிடும். பிரான்சைஸ் சட்டத்தின் 27ஆம் பிரிவோ, ஒப்பந்தக் காலத்திலும் அது முடிந்த பின் 2 ஆண்டுகளும் அதே போன்ற தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுக்கிறது. கடை எடுத்தவரை மட்டுமல்ல, நிறுவன இயக்குநர்களின் நெருங்கிய குடும்பத்தாரையும் ஊழியர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. அந்த உறுதிமொழியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவின் சிரமத்தை நான் ஏற்றதற்கு இந்த ஒரு பிரிவே போதுமான காரணம்.

பதிவை உள்நாட்டு வாணிப அமைச்சின் MyFEX தளத்தில் செய்ய வேண்டும். அதற்குத் தகவல் வெளிப்பாட்டு ஆவணம், நடைமுறைக் கையேடு, பயிற்சிக் கையேடு, மாதிரி ஒப்பந்தம், தணிக்கைக் கணக்குகள் ஆகியவை தேவை. ஆவணத்தையும் ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் கடை எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் 5 ஆண்டுக்குக் குறையக் கூடாது. கையெழுத்திட்ட பின்னும் அவர் மனம் மாற, குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்கள் கழியும் வரை அவருக்காகப் பொருள் எதையும் வாங்கிப்போடாதீர்கள்.

படி 3: மாதக் கணக்கு

நம் பெயரையும் முறையையும் பயன்படுத்துவதற்காகக் கடை எடுத்தவர் விற்பனையிலிருந்து மாதாமாதம் தரும் ராயல்டியை நம் ஆசைப்படி வைக்க முடியாது, அவருடைய கடை தாங்க வேண்டும். மாதம் 25,000 ரிங்கிட் விற்கும் சின்ன ஊர்க் கடையை எடுத்துக்கொள்வோம். ஊழியர் சம்பளமும் கமிஷனும் 10,000, பொருட்கள் 2,500, வாடகை 4,500, மின்சாரம் முதலியவை 2,000. மீதி 6,000. அதில் ராயல்டியும் விளம்பர நிதியும் சேர்த்து 8 விழுக்காடு, அதாவது 2,000 எடுத்தால் அவரிடம் 4,000 நிற்கும். கடை அலங்காரக் கடனுக்கு 2,800 கட்டினால் கையில் 1,200. பகல் முழுதும் கடையில் நிற்பவருக்கு அது கூலிகூட ஆகாது. இந்த நிலையில்தான் விற்பனையைக் குறைத்துக் காட்டும் ஆசை பிறக்கும். அதனால் அந்த ஊரில் 35,000 விற்க வழியில்லை என்று தெரிந்தால் நான் கடை கொடுக்க மாட்டேன்.

குறைத்துக் காட்டுவதைக் கண்டுபிடிக்கச் சாயக் குழாய்களை எண்ணுங்கள். உங்கள் சொந்தக் கடையில் ஒரு சாய வேலைக்குச் சராசரியாக 1.2 குழாய் செலவாகிறது என்று வைப்போம். அந்தக் கடைக்கு 120 குழாய் போனது, மாத முடிவில் 20 மீதி. 100 குழாய்க்கு ஏறக்குறைய 83 வேலை நடந்திருக்க வேண்டும். கணக்கில் 60தான் என்றால் 23 வேலை எங்கே? வேலைக்கு 120 ரிங்கிட் என்றாலும் 2,760 ரிங்கிட் காணவில்லை. ஒரு மாத வித்தியாசம் வீணானதாக இருக்கலாம். மூன்று மாதம் தொடர்ந்தால் அது வீண் அல்ல. குழாய்கள் உங்கள் வழியாக மட்டுமே போனால்தான் இந்தக் கணக்கு பயன்படும்.

படி 4: உங்கள் கையில் இருக்க வேண்டியவை

முன்பதிவுக்கான வாட்ஸ்அப் எண் உங்கள் கம்பெனி பெயரில் இருக்கட்டும். வாடிக்கையாளர் பட்டியலும் பில்லும் ஒரே மையக் கணக்கில் ஓடும் மென்பொருளாகப் பாருங்கள். கையால் எழுதும் பில் புத்தகம் வேண்டவே வேண்டாம். கடை வாடகை ஒப்பந்தத்தில், பிரான்சைஸ் முடிந்தால் இடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கட்டட உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டு ஊழியரை உங்கள் கடையிலிருந்து 'ஒரு வாரத்துக்கு' அங்கே அனுப்பாதீர்கள். அவருடைய வேலை அனுமதி உங்கள் நிறுவனத்துக்கு மட்டும்தான்.

உறவை முறிக்க நேர்ந்தால், நினைத்த நாளில் பலகையை இறக்க முடியாது. தக்க காரணம் வேண்டும். குறையை எழுத்தில் காட்டி, திருத்திக்கொள்ளக் குறைந்தது 14 நாள் கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு சோதனை அறிக்கையையும் தேதியோடு, அவர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்குறிப்பு

ஈப்போவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "என் மச்சான் என் பெயரில் கடை போடுகிறார். நான் பணமே வாங்கவில்லை. எனக்கும் இது பொருந்துமா?" பொருந்தக்கூடும். பணம் வாங்கவில்லை என்பது மட்டும் தப்பிக்கும் வழியாகாது; மற்ற அடையாளங்கள் இருந்தால் பிரான்சைஸ் என்றே கொள்ளப்படலாம். குடும்பத்துக்குள் என்றால் நான் வேறு வழியைச் சொல்வேன். ஈப்போக் கடைக்கென்று ஒரு கம்பெனி தொடங்கி, அதில் பெரும்பான்மைப் பங்கை நீங்களே வைத்துக்கொண்டு மச்சானுக்கு 30 அல்லது 40 விழுக்காடு கொடுங்கள். அந்தக் கடை உங்கள் சொந்தக் கடைபோல நடக்கும், சாவியும் கணக்கும் உங்களிடம் இருக்கும். ஆனால் நட்டத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு. வழக்கறிஞரிடம் போகும்போது இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.