பெற்றோரின் திருமண நாளுக்கு மகன் எழுதும் வாழ்த்து: ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு மகன், பெற்றோரின் 25ஆம் ஆண்டுத் திருமண நாளுக்காக ஆங்கிலத்தில் வாழ்த்து ஒன்றை எழுதி, அதை அப்படியே தமிழாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது இப்படித்தான் அமையும்:

"மகிழ்ச்சியான 25ஆவது திருமண ஆண்டு விழா, அம்மா மற்றும் அப்பா! நீங்கள் இருவரும் ஒரு சரியான ஜோடி. வாழ்க்கையின் எல்லா ஏற்றத்தாழ்வுகளிலும் ஒருவருக்கொருவர் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். எனக்காகச் செய்த எல்லாவற்றிற்கும் நன்றி. உங்களைப் பற்றிப் பெருமைப்படுகிறேன். எங்கள் குடும்பம் உங்களால்தான் வலுவாக இருக்கிறது. உங்கள் காதல் ஒவ்வொரு வருடமும் வளரட்டும். உங்கள் இருவரையும் நேசிக்கிறேன்."

இதில் எழுத்துப்பிழையோ பெரிய இலக்கணப் பிழையோ இல்லை. ஆனால் பெற்ற பிள்ளை தாய் தந்தையரிடம் பேசுவதுபோல ஒரு வரிகூட ஒலிக்கவில்லை. சில வரிகள் மகன் நினைத்ததற்கு மாறான பொருளையும் தந்துவிடுகின்றன.

முதலில் நாளின் பெயரைப் பார்ப்போம். "மகிழ்ச்சியான திருமண நாள்" என்றால் அந்த நாள் மகிழ்ச்சியாக இருந்தது என்ற விவரிப்பாகத்தான் தமிழில் நிற்கும், வாழ்த்தாகாது. "இனிய திருமண நாள் நல்வாழ்த்துகள்" என்பதே வழக்கில் உள்ள தொடர். "ஆண்டு விழா" என்பது பள்ளிக்கும் சங்கத்துக்கும் உரியதாகப் பழகிவிட்டது. "திருமண நினைவு நாள்" என்று எழுதுவோரும் உண்டு. "நினைவு நாள்" என்றதும் மறைந்தவர்களின் நினைவே நம் மனத்தில் எழுவதால், மங்கல நாளில் அதைத் தவிர்ப்பது நல்லது.

எண்ணிக்கையில் நேரும் பிழை இன்னும் பரவலானது. "25ஆம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் அப்பா அம்மாவுக்கு" என்று எழுதுகிறார்கள். 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் திருமணம் நடந்திருந்தால், மணநாளன்றே இல்லறத்தின் முதல் ஆண்டு தொடங்கிவிடுகிறது. 2002 செப்டம்பரில் ஓராண்டு நிறைவடைந்து இரண்டாம் ஆண்டு பிறக்கிறது. அந்தக் கணக்கின்படி 2026 செப்டம்பரில் 25 ஆண்டுகள் நிறைவடைகின்றன. அவர்கள் அடியெடுத்து வைப்பது 26ஆம் ஆண்டில். ஆகவே "25 ஆண்டுகளை நிறைவு செய்யும்" என்றோ "26ஆம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்" என்றோ எழுத வேண்டும். 25 ஆண்டு நிறைவை வெள்ளி விழா என்றும் 50 ஆண்டு நிறைவைப் பொன்விழா என்றும் சொல்லலாம். மணிவிழா என்பது அகவை அறுபது நிறைவதைக் குறிப்பது. திருமண ஆண்டுக் கணக்குக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது, யார் யாரை வாழ்த்துவது என்ற கேள்வி. நம் வீடுகளில் பெரியவர்கள் வாழ்த்துவார்கள், சிறியவர்கள் வணங்குவார்கள். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்ற தொடர் இந்த எண்ணத்திலிருந்து வந்ததுதான். ஆனால் சுவரொட்டிகளிலும் பதாகைகளிலும் அச்சிட்டு அச்சிட்டு அது தேய்ந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே "மனதார வாழ்த்துகிறேன்" என்று எழுதுவோரும் உண்டு. பிள்ளை பெற்றோரை வாழ்த்தவே கூடாது என்று நான் கருதவில்லை. பெரியாழ்வார் இறைவனுக்கே பல்லாண்டு பாடியவர். சிறியவர் பெரியவரை வாழ்த்தலாமா என்ற கேள்வியை வைணவ மரபு எழுப்பி, பொங்கும் பரிவு இருந்தால் வாழ்த்தலாம் என்று விடையும் கண்டிருக்கிறது. எனவே "நல்வாழ்த்துகள்" என்ற பெயர்ச்சொல் எவரையும் உறுத்தாது. "நான் உங்களை வாழ்த்துகிறேன்" என்று வினையாக்கும்போதுதான் மகன் ஓர் உயர்ந்த இடத்தில் நிற்பதுபோலாகிறது. அங்கே "வணங்கி வாழ்த்துகிறேன்" என்று ஒரு சொல் சேர்ந்தாலே அந்தக் குறை தீர்ந்துவிடும்.

"வளரட்டும்" என்ற முடிவிலும் இதே சிக்கல் இருக்கிறது. "நல்லா இருக்கட்டும்", "நீண்ட நாள் வாழட்டும்" என்பவை பெரும்பாலும் பாட்டியும் தாத்தாவும் சொல்லும் வாசகங்கள். மகன் சொல்லும்போது அனுமதி வழங்குவதுபோலத் தொனிக்கும். "நீங்கள் நீண்ட நாள் நலமுடன் வாழ இறைவனை வேண்டுகிறேன்" என்று எழுதினால் வேண்டுதல் இறைவனிடம் போய்விடுகிறது, மகன் தன் இடத்திலேயே நிற்கிறான். கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டில் "நீங்கள் நீண்ட நாள் நலமுடன் வாழ வேண்டும் என்பதே என் விருப்பம்" என்றால் போதும்.

பொருளே தடம் மாறும் இடங்கள் இரண்டு. "அப்ஸ் அண்ட் டவுன்ஸ்" என்பதற்கு "ஏற்றத்தாழ்வுகள்" என்று எழுதுவது முதலாவது. தமிழில் ஏற்றத்தாழ்வு என்பது பெரும்பாலும் மேல் கீழ் என்ற வேறுபாட்டையே குறிக்கும். சாதியில், செல்வத்தில், பதவியில் உள்ள சமமின்மை அது. இரு குடும்பங்களின் எதிர்ப்பையும் மீறி மணந்துகொண்ட பெற்றோருக்கு இந்தச் சொல் பழைய காயத்தைக் கிளறும் என்பதை மகன் நினைத்திருக்கவே மாட்டார். "இன்பத்திலும் துன்பத்திலும்" என்பது நெடுநாள் வழக்கு, அதுவே பொருந்தும். "பக்கத்தில் நின்றீர்கள்" என்பதும் நிழற்படத்துக்கு நிற்பதைத்தான் சொல்லும். "துணையாக நின்றீர்கள்" என்பதே கருத்து. இரண்டாவது இடம் "சரியான ஜோடி". பேச்சு வழக்கில் "சரியான ஜோடிதான்" என்பது கிண்டலுக்குச் சொல்வது. மேலும் ஜோடி என்ற சொல்லை இளம் இணைகளுக்குச் சொல்லலாமே தவிர, தாய் தந்தையருக்குச் சொன்னால் மரியாதை குறைவாகத் தெரியும். அவர்களை எடைபோட்டு மதிப்பெண் தருவதைவிட, அவர்கள் நடத்திய இல்லறத்தைப் பற்றிப் பேசுவதே பிள்ளைக்கு அழகு.

"ப்ரவுட் ஆஃப் யூ" என்பதற்கும் இது பொருந்தும். "உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது" என்பது பெற்றோர் பிள்ளையிடம் சொல்வது. மகன் அதைத் திருப்பிச் சொன்னால் தேர்வில் வென்றவரைப் பாராட்டுவதுபோலாகிவிடும். "உங்கள் மகனாகப் பிறந்ததை என் பேறாகக் கருதுகிறேன்" என்று பெருமையின் இருப்பிடத்தை மாற்றினால், அதே உணர்வு மரியாதையோடு வந்து சேர்கிறது. "உங்கள் காதல்" என்பதற்கு "உங்கள் அன்பு" போதும். காதல் திருமணம் செய்துகொண்டவர்களேயானாலும், பிள்ளை அச்சொல்லை உறவினர் முன்னிலையில் சொல்லும்போது பலர் கூச்சப்படுவார்கள். "நேசிக்கிறேன்" என்பது பிழையன்று. நம் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். "அன்பு மகன்" என்ற கையொப்பத்திலேயே அது அடங்கிவிடுகிறது.

நன்றிதான் எழுதுவதற்கு மிகக் கடினமான பகுதி. "எல்லாவற்றிற்கும் நன்றி" என்பது தமிழில் விடைபெறும் விருந்தினரின் பேச்சு. பிள்ளை நன்றி சொல்ல வந்தால், எதை நினைவில் வைத்திருக்கிறான் என்று சொல்ல வேண்டும். நம் எடுத்துக்காட்டில் தந்தை ஒரு நூற்பாலையில் இரவுப் பணி செய்தவர் என்று கொள்வோம். பணி முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பியவர் படுக்கப் போகாமல் மகனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத்தான் படுப்பார் என்றால், அந்த ஒரு செயலே "எல்லாவற்றிற்கும்" என்பதைவிட அதிகம் பேசும். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மா வளையல்களை அடகு வைத்தார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாழ்த்தைச் சித்தப்பாவும் அத்தையும் சேர்ந்து படிக்கும் இடத்தில் அதை எழுதினால், அவர் இத்தனை காலம் மூடிவைத்த சிரமத்தை மகனே வெளியில் எடுத்துப் போட்டதாகிவிடும். பெற்றோர் தாங்களே பிறரிடம் சொல்லி மகிழும் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.

"எங்கள் குடும்பம்" என்ற சொல் சிறியதாகத் தெரியலாம். ஆனால் இந்த வாழ்த்திலேயே பெரிய பிழை அதுதான் என்பேன். "எங்கள்" என்பது கேட்பவரைச் சேர்க்காத சொல். பெற்றோரிடமே "எங்கள் குடும்பம்" என்றால், அவர்கள் அந்தக் குடும்பத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்றாகும். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லாததால் மொழிபெயர்ப்பவர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். "நம் குடும்பம்", "நம் வீடு" என்றே எழுத வேண்டும்.

நீ, நீங்கள் என்ற சிக்கல் எஞ்சியிருக்கிறது. அப்பாவை "நீங்கள்" என்றும் அம்மாவை "நீ" என்றும் அழைக்கும் பிள்ளைகள் ஏராளம். எழுத்தில் அம்மாவை "நீ" என்றால் பிறர் கண்ணுக்கு மரியாதைக் குறைவாகப் படுமோ என்ற தயக்கம் ஒருபுறம். திடீரென்று "நீங்கள்" என்றால் அம்மாவுக்கே அந்நியமாகத் தோன்றுமோ என்ற தயக்கம் மறுபுறம். இருவரையும் சேர்த்து விளிக்கும் வரிகளில் "நீங்கள்" இயல்பாகவே அமைந்துவிடும். தனித்தனியே குறிப்பிட வேண்டிய வரியில் பெயரெச்சத்தைப் பயன்படுத்தலாம். "அம்மா கூடவே உட்கார்ந்திருந்த இரவுகள்" என்னும்போது "உட்கார்ந்திருந்த" என்ற சொல் நீ, நீங்கள் என்று காட்டும் எந்த விகுதியையும் ஏற்பதில்லை. அதனால் உட்கார்ந்திருந்தாய், உட்கார்ந்திருந்தீர்கள் என்ற தேர்வே எழுவதில்லை.

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு திருத்தினால் வாழ்த்து இப்படி அமையும்:

"அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இல்லறத்தில் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் உங்கள் இருவருக்கும் என் வணக்கங்களும் இனிய திருமண நாள் நல்வாழ்த்துகளும். இன்பத்திலும் துன்பத்திலும் ஒருவருக்கொருவர் துணையாக நின்று நம் குடும்பத்தைக் கட்டிக்காத்து வருகிறீர்கள். இரவுப் பணி முடிந்து வந்த களைப்போடு அப்பா என்னைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்ட காலைகளையும், நான் படித்து முடிக்கும்வரை அம்மா தூங்காமல் கூடவே உட்கார்ந்திருந்த இரவுகளையும் நான் மறக்கவில்லை. உங்கள் மகனாகப் பிறந்ததை என் பேறாகக் கருதுகிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நீண்ட நாள் வாழ இறைவனை வேண்டுகிறேன்.

உங்கள் ஆசியை நாடும்
அன்பு மகன்"

"மற்றும்" இங்கே எங்கும் இல்லை என்பதையும் கவனிக்கலாம். பெயர்களை அடுக்க ஒரு காற்புள்ளியோ "உம்" விகுதியோ போதும். "தெய்வங்களே", "கண்கண்ட கடவுளரே" போன்ற மேடை விளிகளும் தேவைப்படவில்லை. வீட்டில் எப்படி அழைக்கிறோமோ அந்த விளியில் உள்ள நெருக்கம் அவற்றில் இருக்காது.

உடன்பிறந்தவர்களும் சேர்ந்து கையொப்பமிடுவதானால் "என் வணக்கங்கள்" என்பது "எங்கள் வணக்கங்கள்" ஆகும். "வேண்டுகிறேன்" என்பது "வேண்டுகிறோம்" ஆகும். "நம் குடும்பம்" மட்டும் மாறாது. மருமகளின் பெயரும் சேர்ந்தால் "உங்கள் மகனாகப் பிறந்ததை" என்ற வரி அவருக்குப் பொருந்தாது. அதை "உங்கள் பிள்ளைகளாக இருப்பதை" என்று மாற்றிவிட்டு, பள்ளிப் பேருந்து வரிக்கு இணையாக, திருமணமாகி வந்தபின் அவருக்கு மாமனார் மாமியார் செய்த ஒன்றையும் அவரிடமே கேட்டுச் சேர்க்க வேண்டும்.