அடுத்தவர் ஜோக்கைச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே இட்லி மாவு. இதை முதலில் சொன்னவர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் நடப்பதுதானே. நான் கூடமாட ஒத்தாசை செய்யும், யார் வேண்டுமானாலும் ஏறி ஜோக் சொல்லக்கூடிய ஓபன் மைக் மேடையில் யாராவது ஒருவர் அடிக்கடி இதைச் சொல்வார். யாரும் சண்டைக்குப் போவதில்லை.

ஒரு நாள் ஒரு பையன் அதை ஒரு படி மேலே கொண்டுபோனான். "எங்கம்மா மாவு டப்பாவுல ஐஸ்கிரீமை வெச்சிருந்தாங்க. பன்னிரண்டு வருஷம், நாங்க ஒருத்தர்கூட அதைத் திறந்து பார்க்கல." அரங்கம் குலுங்கியது. இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் வந்தார். அவர் சொன்னது நீல நிற பிஸ்கட் டின், உள்ளே ஊசி நூல். அதுவும் எல்லார் வீட்டுக் கதைதான். ஆனால் அவர் முடித்த விதம்: "எங்க பாட்டி தையல் டப்பாவுலதான் பிஸ்கட்டை ஒளிச்சு வெச்சுத் தின்னுட்டு இருந்திருக்காங்க."

கீழே இறங்கியதும் கேட்டேன். பையனின் ஜோக்கைக் கேட்டிருந்ததை அவர் மறைக்கவில்லை. "அவன் சொன்னதுல ஒரு வார்த்தைகூட இதுல இல்லையே சார்" என்றார். உண்மைதான், இல்லை. அம்மா பாட்டி ஆகிவிட்டார், ஐஸ்கிரீம் பிஸ்கட் ஆகிவிட்டது. ஆனால் சிரிப்பு வரும் இடம் ஒன்றேதான்: யாரும் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்து, வேண்டாத பொருளின் டப்பாவில் வேண்டியதை ஒளித்து வைப்பது. அந்தத் திருப்பம்தான் பையனின் உழைப்பு. மற்றதெல்லாம் வெறும் பாத்திரம் பண்டம்.

நான் பார்த்தவரை, தெரியாமல் செய்யப்படும் முதல் தவறு இதுதான். வார்த்தையை மாற்றினால் போதும் என்று நினைப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. பதிப்புரிமை கருத்துக்குக் கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் என்பதை நம் உச்ச நீதிமன்றமே 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லியிருக்கிறது. மேடைக்காரர்களின் கணக்கு இதற்கு நேர் எதிர். அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர்களிடம் பேட்டி எடுத்து டோடன் ஒலியார், கிறிஸ்டோஃபர் ஸ்ப்ரிக்மன் என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் எனக்கு வியப்பாக இருந்த ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஜோக்கின் அடிப்படைச் சூழலைச் சொல்கிறார், பக்கத்தில் இருப்பவர் முத்தாய்ப்பு வரியைக் கொடுக்கிறார் என்றால், ஜோக் முதலாமவருக்கே சொந்தம். வரி கொடுத்தவர் கைகழுவிவிட்டுப் போக வேண்டியதுதான். அதாவது வழக்குப் போட்டால் தப்பித்துவிடக்கூடிய ஆள், சக கலைஞர்களிடம் தப்பிக்க முடியாது.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கானன் ஓ'பிரையன் மீதான வழக்கு. 2015 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தில், புள்ளி எடுக்கும் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் நின்றிருந்த சியாட்டில் அணி, பந்தோடு முட்டிக்கொண்டு போகாமல் வீசப்போய், அதை எதிரணி பிடித்துவிட்டது. பழி சியாட்டில் பயிற்சியாளர் பீட் கேரல் தலையில் விழுந்தது. வென்ற அணியின் டாம் பிரேடிக்கு ஆட்ட நாயகன் பரிசாக ஒரு டிரக். "நமக்கு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவருக்கே அதைத் தரப்போகிறேன்" என்றார் அவர். அப்படியானால் டிரக் பீட் கேரலுக்குத்தான் போக வேண்டும் என்று அலெக்ஸ் காஸ்பர்க் என்ற எழுத்தாளர் ட்விட்டரில் போட்டார். அடுத்த நாள் ஓ'பிரையன் தன் நிகழ்ச்சியில் அதே முத்தாய்ப்பைச் சொன்னார். காஸ்பர்க் வழக்குப் போட்டார், இதைப் போல இன்னும் சில ஜோக்குகளையும் சேர்த்து.

2017-ல் நீதிபதி சொன்னதன் சாரம்: அன்றைய செய்தி யாருக்கும் சொந்தமில்லை, அதிலிருந்து கிளம்பக்கூடிய ஜோக்குகளும் கொஞ்சம்தான், எனவே இவற்றுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிக மெல்லியது, ஏறக்குறைய அச்சு அசலாக இருந்தால்தான் செல்லும். மூன்று ஜோக்குகள் அந்த வடிகட்டலையும் தாண்டின. ஆனால் தீர்ப்பு வரவில்லை. 2019-ல் சமரசமாக முடிந்தது. தற்செயல்தான் என்று ஓ'பிரையன் கடைசிவரை சொன்னார்.

அவர் சொல்வதை நான் நம்பத் தயார். தினமும் ஒரே செய்தியை வைத்து நூறு பேர் ஜோக் எழுதினால் இரண்டு பேர் மோதத்தான் செய்வார்கள். அதனால் ஒரு ஜோக் ஒத்துப்போனதுமே "திருட்டு" என்று கத்துவதும் தவறுதான். நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். செய்தியிலிருந்து யாருக்கும் எளிதில் தோன்றக்கூடிய முடிவா, அல்லது இரண்டு மூன்று படி தாண்டிய முடிவா? அவசியமே இல்லாத விவரங்கள், அந்த "பன்னிரண்டு வருஷம்" மாதிரி, அப்படியே வந்திருக்கின்றனவா? இதே ஆளுக்கு இது எத்தனையாவது தடவை? முதல் கேள்விக்குக் காஸ்பர்க்கின் டிரக் ஜோக் எளிதில் தோன்றக்கூடியது என்பதே பதில். மாவு டப்பாவுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

சரி, பேரைச் சொல்லிவிட்டால்? கல்யாண வீட்டிலும் நண்பர்கள் வட்டத்திலும் அது போதும். ஆனால் "யாரோ சொன்னாங்க" என்பது பேரைச் சொன்னதாகாது. சிரித்து முடித்த பிறகு முணுமுணுப்பாகச் சொல்வதும் அப்படித்தான். ஜோக்குக்கு முன்னால் சொல்லுங்கள். நம் வார இதழ்களில் இரண்டு வரித் துணுக்குக்குக் கீழேகூட எழுதியவர் பேரைப் போட்டு வந்தார்கள். மேடையில் நிற்பவருக்கு ஒரு வாக்கியம் பெரிய சுமை இல்லை.

காசு வாங்கும் மேடையில், அல்லது லட்சம் பேர் பார்க்கும் பக்கத்தில், பேர் மட்டும் போதாது, அனுமதி வேண்டும். பாட்டைப் பத்துப் பேர் பாடினால் அசல் பாடகருக்குக் கூட்டம் கூடும். ஜோக் அப்படியில்லை. முத்தாய்ப்பு முன்பே தெரிந்துவிட்டால் எழுதியவர் வந்து சொல்லும்போது அரங்கம் ஊமையாக உட்கார்ந்திருக்கும். பேர் சொல்லிச் சொன்னாலும் ஜோக் செத்ததுதான். 2019-ல் அமெரிக்காவில் எலியட் டெபேல் நடத்திய மீம் பக்கத்துக்கு எதிராகக் காமெடியன்கள் திரண்டபோது சண்டை இந்த அனுமதியைப் பற்றித்தான். இனி முன்கூட்டியே சம்மதம் வாங்காமல் எதையும் போடுவதில்லை என்று அவர் அறிவிக்க வேண்டியதாயிற்று.

விலைக்கு வாங்கிய ஜோக் என்றால் கதை வேறு. விற்றவர் அதோடு விலகிக்கொள்கிறார், வாங்கியவர் தன்னுடையதாகவே சொல்லலாம், பேரும் சொல்ல வேண்டியதில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பலவும் அப்படித்தான் ஓடுகின்றன.

இரண்டு பேர் ஜோக் மோதிவிட்டது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது எளிது, ஆனால் வலிக்கும். இருவரும் நேரில் பேச வேண்டும், முதலில் மேடையில் சொன்னவர் வைத்துக்கொள்ள வேண்டும். யார் முதல் என்பதற்கு நோட்டில் எழுதிய தேதியைவிட, அன்றைய நிகழ்ச்சியைப் போனில் பதிவுசெய்து வைத்திருப்பது உதவும். பதிவு இல்லாமல் நினைவை வைத்து வாதாடினால் இருவருமே உண்மையைச் சொல்லியும் தீராது, ஏனென்றால் கேட்ட ஜோக் ஆறு மாதத்தில் நம்முடையது மாதிரியே மனதில் உட்கார்ந்துவிடும். எனக்கே நடந்திருக்கிறது. கல்லூரி நண்பன் சொன்ன ஒன்றை ஒரு வருஷம் என் அப்பாவுக்கு நடந்ததாகச் சொல்லித் திரிந்தேன். அவனே ஒரு நாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

பிஸ்கட்காரர் பையனைப் பார்த்துப் பேசினார். பாட்டி வரியை எடுத்துவிட்டார். இப்போது டின்னைத் திறந்ததும் ஊசி கையில் குத்துவதோடு நிறுத்திக்கொள்கிறார். சிரிப்பு முன்னைப் போல வருவதில்லை. வேறு முடிவு தேடிக்கொண்டிருக்கிறார்.