மாத ரிப்போர்ட்டுக்கு டேட்டாபேஸ் ரீட்-ஒன்லி அக்சஸ்: ஐடி ஹெட்டுக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

"மாத ரிப்போர்ட் எடுக்கணும், டேட்டாபேஸ் அக்சஸ் கொடுங்க" என்று ஒரே வரியில் மெயில் போட்டால் பெரும்பாலும் பதிலே வராது. வந்தாலும் "பாலிசி இல்லை" என்று முடிந்துவிடும். ஐடி ஹெட் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும். எந்த டேபிளைப் பார்ப்பார், எந்த நேரத்தில் பார்ப்பார், எடுத்த டேட்டா எங்கே போகும், இவர் வேலையை விட்டுப் போனால் அந்த அக்சஸ் என்ன ஆகும் என்று எதுவுமே அந்த ஒரு வரியில் இல்லை. இதற்கெல்லாம் அவர் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிற கடிதத்தைத்தான் இங்கே எழுதப்போகிறோம்.

உதாரணத்துக்கு, கோவையில் பம்ப் உதிரிபாகம் விற்கிற, ஆறு கிளைகள் உள்ள ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். பில்லிங் எல்லாம் ஒரு ஈஆர்பி-யில் நடக்கிறது, அதற்கு அடியில் இருப்பது எஸ்க்யூஎல் சர்வர். நீங்கள் எம்ஐஎஸ் வேலை பார்ப்பவர், மாதம் பிறந்ததும் கிளைவாரி விற்பனை ரிப்போர்ட் தரவேண்டும்.

படி 1: இப்போது கையால் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்

கடிதத்தைத் தொடுவதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் ஈஆர்பி-யில் கிளை கிளையாக ஆறு எக்ஸ்போர்ட், ஆறையும் ஒரே எக்செல் ஷீட்டில் ஒட்டுவது, கேன்சல் ஆன பில்களை நீக்குவது, கிரெடிட் நோட்டைக் கழிப்பது, பிறகு பிவட். இதில் ஒட்டும் இடத்தில்தான் தவறு வருகிறது. ஒரு கிளையை இரண்டு முறை ஒட்டினாலும் மொத்தம் ஏதோ ஒரு எண்ணாக வந்து நிற்கும், பார்த்தால் தெரியாது. "நேரம் மிச்சம்" என்பதைவிட இந்தக் காரணத்துக்குக் கடிதத்தில் எடை அதிகம், ஏனென்றால் தவறான எண் நிர்வாகத்தின் கைக்குப் போவது ஐடிக்கும் தலைவலிதான்.

படி 2: டேட்டாபேஸைக் கேட்காதீர்கள், ஒரு வியூவைக் கேளுங்கள்

கடிதம் பாஸாவதும் திரும்பி வருவதும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

"ரீட்-ஒன்லி" என்றாலே பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். எஸ்க்யூஎல் சர்வரில் `db_datareader` என்று ஒரு ரோல் உண்டு, ரீட்-ஒன்லி கேட்டவருக்குச் சட்டென்று கொடுக்கக்கூடியது அதுதான். ஆனால் அந்த ரோல் கிடைத்தவர் அந்த டேட்டாபேஸில் உள்ள எல்லா டேபிள்களையும் படிக்கலாம். அதே டேட்டாபேஸில் சம்பள டேபிள் இருந்தால் அதையும், கொள்முதல் விலை இருந்தால் அதையும், டீலர்களின் போன் நம்பரையும். எதையும் மாற்ற முடியாதுதான், ஆனால் காப்பி எடுத்துக்கொண்டு போகலாமே! ஐடி ஹெட் தயங்குவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

ஆகவே ரிப்போர்ட்டுக்கு வேண்டிய காலம்களை, அதாவது டேபிளின் நெடுவரிசைகளை, மட்டும் எண்ணி எழுதுங்கள். நமக்கு ஏழு போதும்: பில் எண், தேதி, கிளை, பொருள் வகை, எண்ணிக்கை, நிகரத் தொகை, பில் வகை. டீலர் பெயர்கூட வேண்டாம், கிளைவாரி ரிப்போர்ட்டில் அது வருவதே இல்லை. இந்த ஏழு காலம்களை மட்டும் ஒரு டேபிள்போலக் காட்டுகிற ஒரு வியூவை ஐடி டீம் உருவாக்கி, அந்த வியூவுக்கு மட்டும் உங்களுக்கு `SELECT` உரிமை கொடுத்தால் போதும். வியூவும் அதற்கு அடியில் உள்ள டேபிள்களும் ஒரே டேட்டாபேஸில் ஒரே ஓனரிடம் இருந்தால், டேபிள்களுக்கு உங்களுக்குத் தனியாக உரிமை தரவேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் வேலை சின்னதாகிவிடும்.

நீங்கள் ஓட்டப்போகும் க்வெரியையும் கடிதத்தோடு இணையுங்கள். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று அவருக்குக் காட்ட அதைவிட நல்ல வழி கிடையாது.

```sql
SELECT BillNo, BillDate, BranchCode, ItemGroup,
       Qty, NetAmount, BillType
FROM dbo.vw_MonthlySales
WHERE BillDate >= '20250601'
  AND BillDate <  '20250701';
```

தேதி வரியைக் கவனியுங்கள். `BillDate` காலமில் நேரமும் சேர்ந்து இருந்தால், `<= '20250630'` என்று எழுதும்போது 30-ம் தேதி நள்ளிரவு 12 மணியோடு கணக்கு நின்றுவிடும், அன்று பகல் முழுக்கப் போட்ட பில்கள் விடுபட்டுப் போகும். மாதக் கடைசி நாளில் பில் குவியும் கம்பெனிகளில் இது பெரிய வித்தியாசம். அடுத்த மாதம் 1-ம் தேதிக்குக் கீழே என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

படி 3: எப்போது ஓட்டுவீர்கள் என்று சொல்லுங்கள்

படிப்பது மட்டும்தானே, சர்வருக்கு என்ன பாரம் என்று தோன்றும். எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான செட்டிங்கில், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் பகுதியில் ஒருவர் எழுத வந்தால் அவர் கொஞ்சம் காத்திருக்க நேரலாம். க்வெரி பெரியதாக இருந்து, காலை 11 மணிக்கு ஓட்டினால், கிளையில் பில் போடுபவரின் திரை அப்படியே நின்றுவிடும், அவர் உடனே ஐடிக்குப் போன் போடுவார். சிலர் இதற்கு, யாரையும் காத்திருக்க வைக்காமல் படிக்கச் சொல்லும் `NOLOCK`-ஐ க்வெரியில் போட்டால் போதும் என்பார்கள். விற்பனை ரிப்போர்ட்டில் அதைப் பயன்படுத்தாதீர்கள், இன்னும் உறுதியாகாத பில்லும் எண்ணிக்கையில் வந்துவிடலாம்.

மாத ரிப்போர்ட்டுக்கு இந்த நிமிடத்து டேட்டா தேவையே இல்லை. ராத்திரி பேக்கப்பிலிருந்து எடுத்த காப்பி ஒன்று தனி சர்வரில் இருந்தால் அதில் கொடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், பில்லிங் தொடங்குவதற்கு முன் காலை 8 மணிக்கு, மாதம் ஒரு முறை என்று நேரத்தைக் குறிப்பிடுங்கள்.

படி 4: யார் பெயரில், எதுவரை

பொது பாஸ்வேர்ட் ஒன்று கேட்காதீர்கள், அது மெயிலில் சுற்றி யார் யாருக்கோ போய்விடும். ரிப்போர்ட்டை நீங்களே எக்செலில், டேட்டாவை இழுக்கும் பவர் க்வெரி வசதியில் ரெஃப்ரெஷ் செய்யப்போகிறீர்கள் என்றால், தினமும் கம்ப்யூட்டருக்குள் நுழையும் அதே விண்டோஸ் லாகினே போதும். நீங்கள் வேலையை விட்டால் அந்த லாகின் மூடப்படும், அதோடு இந்த அக்சஸும் செத்துவிடும். ஆளே இல்லாமல் தானாக ஓடவேண்டும் என்றால்தான் தனி சர்வீஸ் அக்கவுன்ட் வேண்டும். முதல் கடிதத்திலேயே அதைக் கேட்க வேண்டாம்.

அப்புறம், முடிவுத் தேதி ஒன்றை நீங்களே போடுங்கள். ஆறு மாதம் போதும்.

படி 5: கடிதம்

உங்கள் மேலாளரிடம் முதலில் காட்டி, அவர் வழியாகவே அனுப்புங்கள். நேராக அனுப்பினால் "உங்க மேனேஜர் ஒப்புதல் எங்கே?" என்றுதான் முதல் பதில் வரும்.

> பெறுநர்: தலைவர், தகவல் தொழில்நுட்பப் பிரிவு
> வழி: மேலாளர், விற்பனைப் பிரிவு
>
> பொருள்: மாத விற்பனை ரிப்போர்ட்டுக்காக ஒரு வியூவுக்கு மட்டும் ரீட்-ஒன்லி அக்சஸ், ஆறு மாதங்களுக்கு
>
> ஐயா, வணக்கம்.
>
> ஆறு கிளைகளின் மாத விற்பனை ரிப்போர்ட்டை, ஈஆர்பி-யிலிருந்து ஆறு எக்ஸ்போர்ட் எடுத்து எக்செலில் ஒட்டித் தயாரித்து வருகிறேன். ஒட்டும்போது ஒரு கிளை விடுபடவோ இரண்டு முறை சேரவோ வாய்ப்பு இருப்பதால், எக்செல் பவர் க்வெரி மூலம் நேரடியாக எடுக்க விரும்புகிறேன்.
>
> இதற்குக் கீழ்க்கண்ட ஏழு காலம்கள் மட்டும் கொண்ட ஒரு வியூவும், அதற்கு `SELECT` உரிமையும் போதும்: பில் எண், தேதி, கிளை, பொருள் வகை, எண்ணிக்கை, நிகரத் தொகை, பில் வகை. வாடிக்கையாளர் விவரமோ கொள்முதல் விலையோ தேவையில்லை. மற்ற டேபிள்களுக்கு அக்சஸ் வேண்டாம்.
>
> பேக்கப் காப்பி உள்ள சர்வர் இருந்தால் அதில் கொடுத்தாலே போதும். இல்லையெனில் ஒவ்வொரு மாதமும் 2-ம் தேதி காலை 8 மணிக்கு ஒரு முறை மட்டும் ஓட்டுகிறேன். நேரத்தை நீங்கள் மாற்றிச் சொன்னாலும் சரி. ஓட்டவுள்ள க்வெரியை இணைத்துள்ளேன், சரிபார்த்துத் திருத்தம் சொல்லவும்.
>
> என் அலுவலக விண்டோஸ் லாகினிலேயே அக்சஸ் கொடுக்கலாம். எடுத்த ஃபைல் விற்பனைப் பிரிவின் ஷேர்டு ஃபோல்டரில் மட்டும் இருக்கும். ஆறு மாதம் முடிந்ததும் நீட்டிப்பு கேட்காவிட்டால் அக்சஸை நீக்கிவிடலாம்.
>
> முதல் இரண்டு மாதம் பழைய முறையிலும் ரிப்போர்ட் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பணியாளர் எண், பிரிவு)

இதற்கு மேல் நீட்ட வேண்டாம். பொருள் வரியைப் படித்தாலே அவர் கையெழுத்துப் போடலாமா என்று யோசிக்கத் தொடங்கும் அளவுக்கு அது தெளிவாக இருக்கவேண்டும். "டேட்டாபேஸ் அக்சஸ் தொடர்பாக" என்று பொதுவாக எழுதினால் உள்ளே எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும் பயன் குறைவு.

படி 6: பதில் வந்தபின்

"நேரடி அக்சஸ் தரமாட்டோம், மாதம் 2-ம் தேதி ஒரு சிஎஸ்வி ஃபைலை ஃபோல்டரில் போட்டுவிடுகிறோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். பவர் க்வெரிக்கு டேட்டாபேஸும் ஒன்றுதான், ஃபோல்டரில் உள்ள ஃபைலும் ஒன்றுதான், உங்கள் ஆறு எக்ஸ்போர்ட் வேலை எப்படியும் போய்விடும். கேட்டதில் உங்களுக்கு உண்மையில் வேண்டியது அந்த ஏழு காலம்தானே! ஃபைல் ஒவ்வொரு மாதமும் ஒரே பெயர் அமைப்பில், ஒரே காலம் வரிசையில் வரவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காலம் பெயர் மாறினால் ரெஃப்ரெஷ் நின்றுவிடும்.

அக்சஸ் கிடைத்துவிட்டால், என்ன கிடைத்தது என்று முதலில் பாருங்கள். எதையாவது மாற்றிப் பார்த்துச் சோதிக்கவே கூடாது, இதை ஓட்டினால் போதும்:

```sql
SELECT * FROM fn_my_permissions
  ('dbo.vw_MonthlySales', 'OBJECT');
```

பட்டியலில் `UPDATE`, `DELETE`, `INSERT` என்று ஏதாவது தெரிந்தால் கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள். உடனே ஐடி டீமிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள், பின்னால் ஏதாவது டேட்டா மாறினால் முதலில் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

பிறகு எக்செலில் Data > Get Data > From Database > From SQL Server Database போய், சர்வர் பெயரையும் டேட்டாபேஸ் பெயரையும் கொடுத்து, Advanced options-இல் கடிதத்தோடு இணைத்த க்வெரியை அந்த மாதத் தேதிகளோடு ஒட்டி, Windows லாகினைத் தேர்வு செய்து, டேட்டாவை இழுங்கள். மொத்தத்தை மட்டும் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடாமல் கிளை கிளையாக ஒப்பிடுங்கள், ஒரு கிளையில் கூடியது இன்னொரு கிளையில் குறைந்து மொத்தம் சரியாக வந்துவிடலாம். ஒரு கிளை மட்டும் இடித்தால் அந்தக் கிளையின் பில் வகையைப் பாருங்கள், கிரெடிட் நோட் வியூவில் பிளஸ் தொகையாக வந்திருக்கலாம். எல்லாக் கிளையும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால் மாதக் கடைசி நாள் விடுபட்டிருக்கலாம், பேக்கப் காப்பி எந்தத் தேதியுடையது என்று கேளுங்கள். 2-ம் தேதி சரியாக இருந்த எண் 10-ம் தேதி மாறியிருந்தால் அது க்வெரியின் தவறு இல்லாமலும் இருக்கலாம்: ஜிஎஸ்டிஆர்-1 மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் 11 என்பதால், அதற்குள் கணக்குப் பிரிவு பழைய பில்களில் திருத்தம் செய்துகொண்டிருக்கும். அதனால் ரிப்போர்ட்டின் மேலேயே எந்தத் தேதி, எந்த மணிக்கு எடுத்தது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, அதே மெயிலுக்கு ரிப்ளையாக நீட்டிப்பு கேளுங்கள். காலம்கள் அதேதான், ஓட்டும் நேரம் அதேதான் என்று இரண்டு வரி போதும். இடையில் ரிப்போர்ட் நின்றுபோயிருந்தால் அக்சஸை எடுத்துவிடச் சொல்லி எழுதுங்கள்.