74 பக்கத் திட்டத்திலிருந்து ஒரு அழைப்பு மரம் செய்வது எப்படி

டர்பனுக்குத் தெற்கே, ப்ராஸ்பெக்டனில் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கில் நிர்வாக வேலை பார்க்கிறேன். 2022 ஏப்ரல் 11 திங்கட்கிழமை இரவு பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அவசரநிலை வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தொழில் தொடர்ச்சித் திட்டம் ஒன்று எங்களிடம் 74 பக்கத்தில் இருந்தது, பி.சி.பி. என்று சொல்வோமே அதுதான். பைண்டிங் செய்து அலமாரியில் வைத்திருந்தோம். மறுநாள் காலை "வேலைக்கு வராதே" என்ற ஒரு வரிச் செய்தி ஒன்பது பேருக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களை அழைக்க வேண்டியவரின் போன் அணைந்து கிடந்தது. அதில் மூன்று பேர் இசிபிங்கோ பக்கம் தண்ணீருக்குள் நடந்தே வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தை நானே பிரித்து மேய்ந்து, யார் யாரை அழைக்க வேண்டும் என்று கிளை கிளையாகக் காட்டும் அழைப்பு மரம் ஒன்றைச் செய்தேன். செய்தது இதுதான்.

பெயர்களைத் தேடாதீர்கள், வினைச்சொற்களைத் தேடுங்கள்

திட்டத்தின் கடைசியில் "பொறுப்புகள்" என்று ஓர் அட்டவணை இருக்கும். அதை அப்படியே எடுத்து மரமாக வரைந்துவிடலாம் என்றுதான் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன், அரை நாள் வீண். உண்மையான வேலைகள் அட்டவணையில் இருக்காது. "உறுதி செய்வார்", "தெரிவிப்பார்", "திறப்பார்" என்று அத்தியாயங்களுக்குள்ளும் பின்னிணைப்புகளிலும் சிதறிக் கிடக்கும். எனவே ஒரு ஹைலைட்டர் பேனாவோடு உட்கார்ந்து, யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்று வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் கோடிடுங்கள். எனக்கு 63 வாக்கியங்கள் கிடைத்தன.

அவற்றை ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள்: A-யில் வேலை, B-யில் எப்போது (முதல் மணி, முதல் நாள், முதல் வாரம்), C-யில் பொறுப்பாளர், D-யில் மாற்றாள். திட்டத்தில் பதவி மட்டும்தான் இருக்கும். நீங்கள் ஆளின் பெயரைப் போடுங்கள்.

இனிமேல்தான் பூதம் கிளம்பும். எங்கள் வசதிகள் மேலாளர் ஜெனரேட்டர் டீசலைப் பார்க்க வேண்டும் என்று ஓர் இடத்தில் இருந்தது. பின்வாசலைத் திறந்துவிட வேண்டும் என்று இன்னோர் இடத்தில். கூடும் இடத்தில் நின்று தலை எண்ண வேண்டும் என்று மூன்றாவது இடத்தில். மூன்றுமே முதல் அரை மணி நேரத்து வேலை. எழுதியவர்கள் மூன்று பேர், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கவில்லை. இப்படி ஒரே ஆள் மேல் விழும் சுமையைக் கண்டுபிடிக்க, E2-வில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIFS($B$2:$B$64,B2,$C$2:$C$64,C2)
```

"முதல் மணி" வரிசைகளில் 1-க்கு மேல் எது வந்தாலும் அந்த வேலையை வேறொருவருக்கு மாற்றுங்கள். முதல் நாள், முதல் வார வேலைகளில் 3, 4 வந்தாலும் பரவாயில்லை.

மாற்றாள் என்ற பொறி

என்னை ஒரு வாரம் படுத்திய இடம் இது. திட்டத்தில் எல்லாப் பதவிக்கும் மாற்றாள் இருந்தார், கேட்கவே நன்றாக இருந்தது. வரைந்து பார்த்தால் கிடங்கு மேலாளருக்கு மாற்றாள் அனுப்புதல் பிரிவுக்காரர், அனுப்புதல் பிரிவுக்காரருக்கு மாற்றாள் கிடங்கு மேலாளர்! அதுவும் போகட்டும், இருவரும் இருப்பது ஒரே பேட்டை. வெள்ளத்தில் சாலை போனால் இருவருக்கும் சேர்த்தே போகும்.

அதனால் மாற்றாளுக்கு இரண்டு நிபந்தனை வைத்தேன். வேறு பகுதியில் குடியிருக்க வேண்டும், வேறு நெட்வொர்க் சிம் வைத்திருக்க வேண்டும். நெட்வொர்க் எதற்கு என்று கேட்பவர்கள் லோட் ஷெடிங் நாட்களை நினைத்துப் பாருங்கள். டவர் மின்சாரம் இல்லாமல் பேட்டரியில் ஓடும். அடுத்தடுத்து வெட்டு வந்தால் அது முழுதாக ஏறுவதற்கு நேரம் கிடைக்காது, ஒரு கட்டத்தில் டவரே படுத்துவிடும்.

மரம்

நாங்கள் 41 பேர். உச்சியில் ஒருவர் நால்வரை அழைக்கிறார். அந்த நால்வரும் ஆளுக்கு மூவரை, அந்தப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு இருவரை. 1, 4, 12, 24, கூட்டினால் 41. ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் கடைசி ஆளுக்கு 27 நிமிடத்தில் சேதி போய்விடும். முன்பு நால்வரும் ஆளுக்கு ஒன்பது பேரை அழைக்கும்படி இருந்தது. அதில் ஒருவர் போன் அணைந்ததும் ஒன்பது பேர் அம்போ.

உடைந்த கிளைக்கு ஒரே விதி: இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லையா, அவருக்குக் கீழே உள்ளவர்களை நீங்களே அழைத்துவிடுங்கள். இதற்காக ஒவ்வொருவர் அட்டையிலும் தனக்குக் கீழே இரண்டு படி வரை எண்கள் இருக்க வேண்டும். கிளைத் தலைவர் அட்டையில் 3 பிளஸ் 6, மொத்தம் 9 எண்கள். உச்சியில் இருப்பவருக்கு 16.

சேதி கீழே போனால் மட்டும் போதாது, எண்ணிக்கை மேலே வர வேண்டும். கிளைக்குப் பத்துப் பேர். "பத்தில் எட்டு, இன்னார் இன்னார் கிடைக்கவில்லை" என்று தலைவர் உச்சிக்குச் சொன்ன பிறகுதான் அந்தக் கிளை முடிந்ததாகக் கணக்கு.

உச்சியிலும் ஒருவரோடு நிறுத்தாதீர்கள். எங்கள் திட்டத்தில் அவசரநிலையை அறிவிக்கும் அதிகாரம் இயக்குநருக்கு மட்டும்தான் இருந்தது. அவர் விமானத்தில் இருந்தால்? இப்போது மூன்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. முதலாமவர் 15 நிமிடம் கிடைக்காவிட்டால் இரண்டாமவர் யாரையும் கேட்காமல் அறிவிக்கலாம் என்று எழுதி இயக்குநரின் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

எண்களை ஏற்றும்போது

போன் எண்கள் போகும் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். இல்லாவிட்டால் 082 என்று தொடங்கும் எண்ணின் பூஜ்யத்தை ஷீட் விழுங்கிவிடும். நான் கவனிக்காமல் 41 அட்டைகளையும் அச்சடித்து லேமினேஷனும் செய்துவிட்டேன், காசு போனதுதான் மிச்சம்.

கருவியைப் பற்றிக் கேட்டால், மாதச் சந்தா கட்டும் அவசர ஆப் எதுவும் எங்கள் அளவுக்கு வேண்டாம் என்பேன். பணப்பையில் அடங்கும் அட்டை, அப்புறம் எஸ்.எம்.எஸ். டேட்டா சரியாக வராத இடத்திலும் எஸ்.எம்.எஸ். பல நேரம் நுழைந்துவிடும். வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிராட்காஸ்ட் லிஸ்ட் வேண்டாம். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்கு அது போகாது. அட்மின் மட்டும் எழுதக்கூடிய குழு மேல்.

அட்டையின் பின்பக்கம் போலீசுக்கு 10111, ஆம்புலன்சுக்கு 10177, மொபைலிலிருந்து அழைக்க 112.

பின்சேர்க்கை 1: மரம் முழுவதையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். வீட்டு எண்களெல்லாம் தனிப்பட்ட தகவல், அதைப் பாதுகாக்கும் தென்னாப்பிரிக்கச் சட்டமான போபியாவுக்குள் வரும். அவரவருக்கு அவரவர் கிளை மட்டும். முழுப் பிரதி இரண்டு போதும், ஒன்று கட்டாயம் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

பின்சேர்க்கை 2: இரவு ஷிப்ட்காரர்கள் பகலில் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எனக்கு இது தோன்றவே இல்லை. அவர்களைக் கடைசிப் படிக்கு இறக்கி, வீட்டில் இருக்கும் இன்னொருவர் எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒத்திகை பார்த்தோம். 41-இல் ஐந்து எண்கள் தப்பு, அதில் ஒன்று என்னுடையது. இப்போது ஆள் சேர்ந்தாலும் விலகினாலும் சம்பளக் கணக்குப் பார்க்கும் அக்காதான் அன்றைக்கே ஷீட்டைத் திருத்துகிறார். சேர்வதும் விலகுவதும் முதலில் தெரிவது அவருக்குத்தானே.