விண்டோ பூஜ்யமான பின் டிசிபி மீள்வது எப்படி? ஒரே கணினியில் செய்து பார்க்கலாம்

பெருங்குடியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு நாள் இரவு, இரண்டு கணினிகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்த தரவு நகல் பாதியில் நின்றுவிட்டது. பிங் ஒழுங்காக வந்தது. இணைப்பு அறுந்ததாக எந்தச் செய்தியும் இல்லை. ஆனாலும் நாற்பது நிமிடமாக ஒரு பைட்கூட நகரவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினோம், ஸ்விட்சைத் திட்டினோம். கடைசியில் அனுப்பும் கணினியில் `ss -tno` அடித்தபோது அந்த இணைப்பின் ஓரத்தில் `persist` என்று ஒரு சொல் இருந்தது. அதை முதலிலேயே பார்த்திருந்தால் கேபிள் பக்கமே போயிருக்க மாட்டோம்.

டிசிபியில் தரவு பெறும் பக்கம், தான் அனுப்பும் ஒவ்வொரு ஒப்புகையிலும் "என் பஃபரில் இன்னும் இவ்வளவு இடம் இருக்கிறது" என்று ஓர் எண்ணைச் சேர்த்தே அனுப்புகிறது. அந்த எண்தான் விண்டோ. வந்த தரவைக் கெர்னல் பஃபரில் போட்டு வைக்கும். அங்கிருந்து எடுத்துப் படிப்பது நிரலின் வேலை. நிரல் படிக்காமல் இருந்தால் இடம் குறைந்துகொண்டே போய், எண் பூஜ்யத்தில் வந்து நிற்கும்.

தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்ப் நிரம்பியதும் "போதும்" என்கிறீர்கள். லாரிக்காரர் வால்வை மூடுகிறார். மோட்டார் போட்டுத் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றிய பிறகு "இப்போது விடுங்கள்" என்று குரல் கொடுக்கிறீர்கள். அது அவர் காதில் விழவில்லை என்றால்? நீங்கள் தண்ணீருக்காகக் காத்திருப்பீர்கள், அவர் உங்கள் குரலுக்காகக் காத்திருப்பார். டிசிபியிலும் இதே சிக்கல் உண்டு. இடம் கிடைத்ததைச் சொல்லும் செய்தி தரவு இல்லாத வெறும் ஒப்புகை. அது வழியில் தொலைந்தால் யாரும் மறுபடி அனுப்ப மாட்டார்கள். அனுப்புபவரிடமோ ஒப்புகை வராத தரவு எதுவும் பாக்கி இல்லாததால், மறு அனுப்பலுக்கான டைமரும் ஓடாது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பெர்சிஸ்ட் டைமர். லாரிக்காரரே அவ்வப்போது "விடலாமா?" என்று கேட்பதைப் போன்றது அது.

லினக்ஸ் கணினி ஒன்றில் நான்கு டெர்மினல்களைத் திறந்து இதை நேரில் பார்க்கலாம்.

படி 1. முதல் டெர்மினலில் பெறுபவரைத் தொடங்கி, உடனே Ctrl+Z அழுத்தி உறங்க வையுங்கள்.

```
nc -l 9000 > /dev/null
```

படி 2. இரண்டாவதில், விண்டோ புலம் பூஜ்யமாக உள்ள பாக்கெட்டுகளை மட்டும் பிடியுங்கள். டிசிபி தலைப்பில் 14ஆவது பைட்டிலிருந்து இரண்டு பைட்டுகள்தான் விண்டோ.

```
sudo tcpdump -ni lo 'tcp port 9000 and tcp[14:2] = 0'
```

படி 3. மூன்றாவதில் கண்காணிப்பு, நான்காவதில் அனுப்புபவர்.

```
watch -n1 "ss -tnoi dst 127.0.0.1:9000"
```

```
nc 127.0.0.1 9000 < /dev/zero
```

பெறும் நிரல் உறங்கிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு ஏற்பட்டுவிடுவதைக் கவனியுங்கள். கைகுலுக்கல், பஃபரில் சேர்ப்பது, ஒப்புகை அனுப்புவது எல்லாமே கெர்னலின் வேலை. அதனால்தான் நிரல் உறைந்து கிடந்தாலும் வலையமைப்பு உயிரோடு இருப்பதாகத் தெரிகிறது. எங்களை அன்றிரவு ஏமாற்றியதும் இதுதான்.

சில நொடிகளில் tcpdump திரையில் `win 0` வரிகள் விழத் தொடங்கும். முதல் வரிக்குப் பிந்தைய ஒவ்வொன்றும் அனுப்புபவரின் ஒரு விசாரிப்புக்குக் கெர்னல் கொடுக்கும் பதில். வரிகளுக்கு இடையிலான நேரத்தைப் பாருங்கள்: ஏறக்குறைய 0.2 நொடி, 0.4, 0.8, 1.6 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும். லினக்ஸில் இது 120 நொடி வரை வளர்ந்து அங்கேயே நிற்கும். கண்காணிப்புத் திரையில் இப்படி ஒரு துணுக்கு தெரியும்:

```
timer:(persist,21sec,0)
```

அடுத்த விசாரிப்புக்கு 21 நொடி இருக்கிறது என்று பொருள். கடைசி எண், பதில் வராத விசாரிப்புகளின் கணக்கு. அது பூஜ்யத்திலேயே இருந்தால் எதிர்ப்பக்கக் கெர்னல் பதில் தருகிறது, நிரல்தான் படிக்கவில்லை. நோய் எந்தப் பக்கம் என்று சொல்லும் எண் அது.

இதையே வயர்ஷார்க்கில் பார்ப்பவர்கள் ஒருமுறை குழம்புவார்கள். லினக்ஸ் இந்த விசாரிப்பில் தரவு எதையும் வைப்பதில்லை. ஏற்கெனவே ஒப்புகை வாங்கிவிட்ட பழைய சீக்வென்ஸ் எண்ணோடு ஒரு வெற்றுப் பாக்கெட்டை அனுப்புகிறது. உருவத்தில் அது கீப்அலைவ் போலவே இருப்பதால், வயர்ஷார்க் அதற்கு `TCP Keep-Alive` என்றே பெயர் ஒட்டிவிடும். அதற்கு வரும் பதிலில் விண்டோ பூஜ்யமா என்று பார்த்துத்தான் தெளிய வேண்டும்.

படி 4. இப்போது குரலைத் தொலைப்போம். கண்காணிப்புத் திரையில் 25 நொடி அல்லது அதற்குமேல் காட்டும்போது, பெறுபவரிடமிருந்து வரும் எல்லாவற்றையும் தடுங்கள். இரண்டாவது டெர்மினலில் tcpdump-ஐ நிறுத்திவிட்டு அங்கேயே அடிக்கலாம்.

```
sudo iptables -A INPUT -i lo -p tcp --sport 9000 -j DROP
```

முதல் டெர்மினலில் `fg` அடித்துப் பெறுபவரை எழுப்புங்கள். அது பஃபரைக் காலி செய்து, இடம் இருக்கிறது என்று அறிவிக்கும். அந்த அறிவிப்பு தடுப்பில் மோதிச் சாகும். உடனே தடுப்பை நீக்குங்கள்.

```
sudo iptables -D INPUT -i lo -p tcp --sport 9000 -j DROP
```

இப்போது பாதையும் சரி, பஃபரும் காலி. இருந்தும் ஒன்றும் நகராது. `persist` எண் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். அது பூஜ்யத்தைத் தொட்டதும் ஒரு விசாரிப்பு போகும், பெரிய விண்டோவோடு பதில் வரும், தரவு மடை திறந்து பாயும். நான்காவது டெர்மினலில் Ctrl+C அழுத்தி நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முடிவே இல்லாமல் ஓடும். தடுப்பை நீக்கத் தாமதமானால் அந்த விசாரிப்பு பதிலின்றிப் போகும். கடைசி எண் 1 ஆகி, காத்திருப்பு இரட்டிப்பாகும்.

பெர்சிஸ்ட் டைமர் மீட்பது தொலைந்த செய்தியை மட்டுமே. படிக்காத நிரலை அதனால் படிக்க வைக்க முடியாது. பதில் வந்துகொண்டிருக்கும் வரை இணைப்பை எவ்வளவு காலமானாலும் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 1122. பதிலே வராவிட்டால்தான் லினக்ஸ் கைவிடும்; `tcp_retries2` அளவை ஒட்டி, இயல்பு நிலையில் அதற்குச் சுமார் 15 நிமிடமாவது ஆகும். பூஜ்யத்தில் இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று நீங்களே வரம்பு வைக்க, அனுப்பும் நிரலின் சாக்கெட்டில் `TCP_USER_TIMEOUT` அமைக்கலாம்.

பெருங்குடி இரவுக்கு வருகிறேன். கடைசி எண் பூஜ்யமாகவே இருந்ததால் பெறும் கணினிக்குப் போனோம். அங்கே நிரல், தான் பெற்ற ஒவ்வொரு துண்டுக்கும் டெர்மினலில் ஒரு வரி எழுதும். யாரோ சேமிக்கும் பழக்கத்தில் அந்தத் திரையில் Ctrl+S அழுத்தியிருந்தார். திரை உறைந்தது, எழுத முடியாமல் நிரல் நின்றது, படிப்பும் நின்றது. Ctrl+Q அழுத்தியதும் நகல் ஓடத் தொடங்கியது. மறுநாள் அந்தக் கணக்கின் `.bashrc` கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்:

```
stty -ixon
```