மூக்கு இருக்கிறதா, பக்கவாட்டில் பாருங்கள்: அரிசி, மாவுப் பூச்சிகளைக் கைப்பேசிப் படத்தில் கண்டுபிடிப்பது

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி டின்னும் ஆட்டா மாவு டின்னும் ஒட்டி ஒட்டி நிற்கும். ஒரு நாள் சப்பாத்திக்கு மாவு எடுக்கும்போது மாவு டின்னின் விளிம்பில் பழுப்பு வண்டுகள் இரண்டு ஓடின. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீண்ட உடல், பழுப்பு நிறம், ஆறு கால். மாவு வண்டு என்று முடிவு கட்டி, நான்கு கிலோ மாவைக் கொட்டினேன். டின்னைக் கழுவிக் காயவைத்து, புது மாவு வாங்கி நிரப்பினேன். இரண்டு வாரத்தில் அதே விளிம்பில் அதே வண்டுகள்.

அம்மா பக்கத்து டின்னில் கையை விட்டு ஒரு பிடி அரிசியை அள்ளினார். உள்ளங்கையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. "அரிசி உளுத்துப் போயிருக்கிறது, நீ மாவைக் கழுவிக்கொண்டிருக்கிறாய்" என்றார். பழைய படத்தை மீண்டும் பார்த்தேன். வண்டை நேர் மேலிருந்து எடுத்திருந்தேன். அதன் மூக்கு கீழ்நோக்கி வளைந்திருந்ததால், மேலிருந்து பார்த்தபோது அது தலையோடு தலையாகத் தெரிந்துவிட்டது. அது மாவு வண்டே இல்லை, அரிசிக் கூன்வண்டு. கூன்வண்டின் புழு முழுத் தானியத்துக்குள் இருந்துதான் வளரும். தூளான மாவில் அது பெருகாது. நான் கொட்டிய மாவில் பூச்சி பிறந்திருக்கவே முடியாது. அதனால்தான் படம் எடுக்கும் விதத்தை இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

படம் எடுப்பது

பூச்சியை ஒரு சிறிய மூடி போட்ட போத்தலில் பிடித்து, குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் ஐந்து நிமிடம் வையுங்கள். சாகாது, மந்தமாகிவிடும். வெளியே எடுத்ததும் படம் எடுக்க ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். அதனால் வெளிச்சத்தையும் கைப்பேசியையும் முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் தாளின் மேல் வைக்காதீர்கள். தாளின் பளிச்சென்ற வெள்ளையைப் பார்த்து கைப்பேசி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கருத்த வண்டு வெறும் நிழலாகத்தான் விழும். தபாலுக்குப் பயன்படுத்தும் பழுப்பு உறையைக் கிழித்து அதன் மேல் வைத்தால் முதுகின் புள்ளிகள்கூடத் தெரியும். பக்கத்தில் பிள்ளைகளின் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை வையுங்கள். நாணயம் வைக்கலாம் என்பார்கள். ஆனால் அது பளபளத்து வெளிச்சத்தைக் கெடுக்கும், மில்லிமீட்டர் கோடும் அதில் கிடையாது. எனக்கு அளவுகோல்தான்.

திரையில் விரலை விரித்துப் பெரிதாக்கி எடுப்பதை விட்டுவிடுங்கள். கைப்பேசி தெளிவாகக் காட்டும் மிகக் குறைந்த தூரத்தில் பிடித்து எடுத்து, பிறகு படத்தை வெட்டிக்கொள்ளுங்கள். இன்னும் நெருங்க வேண்டுமென்றால் கைப்பேசியில் மாட்டும் கிளிப் லென்சைவிட, நகைக்கடைகளில் வைத்திருக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியை லென்சின் முன்னால் ஒட்டிப் பிடிப்பதையே நான் விரும்புகிறேன். கிளிப் நழுவிக்கொண்டே இருக்கும். கண்ணாடியை வெறும் கண்ணாலும் பயன்படுத்தலாம்.

மூன்று படம் வேண்டும். ஒன்று மேலிருந்து. இரண்டாவது பக்கவாட்டில், கைப்பேசியை மேசைக்குச் சமமாகத் தாழ்த்தி. மூன்றாவது, பூச்சியே இல்லாமல், அது இருந்த அரிசி அல்லது மாவு மட்டும். பலரும் இரண்டாவதையும் மூன்றாவதையும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பதில் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

கூன்வண்டு

பக்கவாட்டுப் படத்தில் யானைத் துதிக்கையைப் போல ஒரு நீண்ட மூக்கு தெரிந்தால் தேடல் முடிந்தது. மற்ற வண்டுகளுக்கு அந்த மூக்கு இல்லை. உடல் இரண்டிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர், நெல்லளவுகூட இல்லை, ஒரு நீள அரிசியின் பாதிதான். மேலிருந்து எடுத்த படத்தில் முதுகு ஓட்டில் மங்கலான செம்மஞ்சள் புள்ளி நான்கு இருக்கும், வயதான வண்டில் இவை மறைந்தும் போகலாம். தொட்டதும் காலை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். அந்த நேரத்தில் மூக்கு வயிற்றோடு ஒட்டிக்கொள்வதால், கால் நீட்டும்வரை காத்திருந்து எடுங்கள். மக்காச்சோளக் கூன்வண்டு என்று இதற்கு ஓர் உறவு உண்டு. இரண்டையும் படத்தால் பிரிக்க முடியாது. வீட்டுக்காரருக்கு அந்த வேறுபாடு தேவையும் இல்லை.

இது செய்யும் சேதம் உள்ளிருந்து தொடங்கும். பெண் வண்டு அரிசியில் சின்னக் குழி தோண்டி, ஒரு முட்டை வைத்து, பசைபோன்ற மூடியால் அடைத்துவிடும். புழுவுக்குக் காலே கிடையாது. அது உள்ளேயே அரிசியைத் தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக ஓட்டை போட்டு வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதனால் சுத்தமாகத் தெரிந்த அரிசியைக் கடையிலிருந்து வாங்கி, நான்கைந்து வாரம் கழித்து வண்டு தென்பட்டால், முட்டை மூட்டையோடு வந்திருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது படத்தில் தேட வேண்டியது ஒழுங்கற்ற வட்ட ஓட்டைகள். ஒரு மணியை நகத்தால் நசுக்கினால் ஓடு மட்டும் நொறுங்கும்.

அம்மா அள்ளிய பிடியிலிருந்து நூறு மணிகளைக் கறுப்புத் தட்டில் பரப்பி எண்ணினேன். பதினாறில் ஓட்டை இருந்தது. மீதியை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டபோது ஓட்டையே இல்லாத ஒன்பது மணிகள் மிதந்தன. அவற்றில் நான்கைப் பிளந்தேன், மூன்றுக்குள் வெள்ளைப் புழு இருந்தது. ஓட்டையை மட்டும் எண்ணினால் பாதிப்பு குறைவாகவே தெரியும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

தூளும் துளையும் அதிகமாக இருந்தால்

ஓட்டையும் உண்டு, மாவுபோல் தூளும் ஏராளம், ஆனால் படத்தில் மூக்கு இல்லை. அப்படியானால் தானியத் துளைப்பானாக இருக்கலாம். அதன் உடல் சிறிய உருளை. மேலிருந்து பார்த்தால் தலையே இல்லாததுபோல் தெரியும். தலை கழுத்துப் போர்வையின் கீழே கவிழ்ந்திருப்பதே காரணம். அதைப் பார்க்கவும் பக்கவாட்டுப் படம்தான் வேண்டும். இது உணவாகத் தின்பதைவிட அரித்துத் தூளாக்கி வீணடிப்பது அதிகம்.

மாவு வண்டும் பல் வண்டும்

இப்போது என்னை ஏமாற்றிய சாயலின் உண்மையான சொந்தக்காரர். சிவப்பு மாவு வண்டு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடல், செம்பழுப்பு நிறம். பக்கவாட்டில் மூக்கு கிடையாது. உணர்கொம்பை உற்றுப் பாருங்கள்: நுனியின் மூன்று கணுக்கள் திடீரெனப் பருத்து, ஒரு சின்னக் குண்டாந்தடிபோல் இருக்கும். படிப்படியாகப் பருத்தால் அதன் மற்றொரு உறவு. இரண்டின் சேதமும் ஒன்றுதான்.

இது முழு அரிசியை உடைக்கும் பூச்சி அல்ல. உடைந்த குருணையிலும் தூளிலும் மாவிலும் வாழும். ஆகவே அரிசி டின்னில் இதைக் கண்டால் அடியில் தூள் சேர்ந்திருக்கிறது என்று பொருள், அந்தத் தூளை உண்டாக்கியது பெரும்பாலும் கூன்வண்டாகவோ துளைப்பானாகவோ இருக்கும். எங்கள் டின்னின் அடித்தூளிலும் பின்னர் இவை ஐந்தாறு கிடைத்தன. மாவில் பெருகிவிட்டால் இவை விடும் குவினோன் என்ற பொருளால் மாவு காட்டமாக நாறும், நிறம் மங்கும், சிலவேளை இளஞ்சிவப்புச் சாயல் ஏறும். வாடை வந்த மாவைச் சலித்துப் பயன்படுத்தாதீர்கள். வண்டு சல்லடையில் நிற்கும், வாடையும் சுவையும் நிற்காது.

இதே அளவில், மெலிந்த, கழுத்தின் இருபக்கமும் ரம்பம்போல ஆறு ஆறு பல் தெரியும் வண்டு ஒன்றும் உண்டு. உலர்ந்த பழம், பிஸ்கட், ரவை எல்லாவற்றிலும் நுழையும். இதுவும் முழுத் தானியத்தைத் துளைக்காது.

அந்துப்பூச்சி

அந்துப்பூச்சியைப் பிடிக்க முயலாதீர்கள். விரல் பட்டால் இறக்கைச் செதில் உதிர்ந்து, அடையாளமே போய்விடும். சுவரில் உட்கார்ந்திருக்கும்போதே எடுங்கள். இறக்கையை உடலோடு ஒட்டி மடித்து, ஒரே சாம்பல் பழுப்பாக, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் அரிசி அந்துப்பூச்சி. இறக்கையின் முன்பாதி வெளிறியும் பின்பாதி செம்புநிறமாகவும் இருநிறமாகத் தெரிந்தால் வேறு இனம். பெயர் எதுவானாலும் பறப்பது தின்னாது, தின்பது புழு.

சேதத்தைக் காட்டுவது நூல்தான். மூன்றாவது படத்தில் அரிசிமணிகள் நூலாம்படையால் கோத்ததுபோல் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் வண்டைத் தேடாதீர்கள். பழுப்புத் தலையும் கால்களும் கொண்ட புழு அந்தக் கொத்துக்குள் இருக்கும். அரிசியின் மேல் வெளியே ஊர்ந்துபோகும் புழுவைக் கண்டால் அது கூன்வண்டின் புழு அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். ஊரும் புழு மெலிந்து மஞ்சளாய், வால் நுனியில் இரண்டு கூர்முனையோடு இருந்தால் மாவு வண்டினுடையது. அந்துப்புழு கூடு கட்டும் நேரத்தில் டின்னை விட்டே வெளியேறி உத்தரத்துக்கும் அலமாரி மூலைக்கும் போய்விடும். அதனால் கூட்டைக் கண்ட இடத்தில் மூலத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கண்டுபிடித்த பிறகு

எங்கள் அரிசியை அம்மா முறத்தில் புடைத்தார். வெயிலில் பரப்பினால் போதும் என்றும் சொன்னார். வண்டு ஓடிவிடும் என்பது உண்மை. மணிக்குள் இருக்கும் புழு தங்கிவிடும் என்பதும் உண்மை. ஆகவே புடைத்த அரிசியை இரண்டு கிலோப் பொட்டலங்களாகக் கட்டி, உறைபனி அறையில் ஒரு வாரம் வைத்தோம். பெரிய மூட்டையாக வைத்தால் நடுவில் குளிர் போய்ச் சேர நேரமாகும். வெளியே எடுத்த பொட்டலத்தை அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். டின்னின் மடிப்பில் ஒட்டியிருந்த தூளைத் துணியால் துடைத்த பிறகே திருப்பிப் போட்டோம். மாவு டின்னுக்கு அதற்குப் பின் எந்த வண்டும் வரவில்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்த கோலகங்சார் அக்கா ஒருவர் படம் அனுப்பி, "தம்பி, மூக்கும் இல்லை, பல்லும் இல்லை, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, வெளுத்து மெத்தென்று ஓடுகிறது, இது எந்த வண்டின் குஞ்சு?" என்று கேட்டார். குஞ்சு அல்ல, தூசிப்பேன். வண்டுக் குடும்பமே இல்லை. ஈரப்பதத்தில் வளரும் நுண்பூஞ்சையைத் தின்று வாழும். அரிசிமணியில் ஓட்டை இருக்காது. அவர் அரிசி டின் கழுவுதொட்டியின் கீழ் அலமாரியில் இருந்தது. அதை மேல்தட்டுக்கு மாற்றி, அரிசியை நன்றாக உலர்த்தச் சொன்னேன்.

இன்னொருவர் மக்கரோனியில் மூக்குள்ள வண்டைக் கண்டு, நான் எழுதியது தவறு என்றார். தவறு இல்லை. மக்கரோனி அரைத்த மாவானாலும் கெட்டியாக இறுகியிருக்கிறது. கூன்வண்டு அதைத் தானியம்போலவே துளைத்து முட்டை வைக்கும். தூள் மாவில் மட்டும்தான் அது முடியாது.